கால் நொடிப் பால்

நாளைக் காலை பால் பாக்கெட்டின் மூலையை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றும்போது கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பால் ஒரு கோணல் கயிறாகச் சலசலவென்று விழும். பாத்திரத்தின் அடியில் மோதி நாலாபக்கமும் தெறிக்கும். மேலே குமிழ்கள் கட்டும். சில நொடிகளில் அரை லிட்டரும் தீர்ந்துவிடும். தண்ணீர் ஊற்றுவதற்கும் இதற்கும் நிறத்தைத் தவிரப் பெரிய வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. அது இயல்புதான். அறை வெப்பத்தில் பாலின் பிசுப்புத்தன்மை தண்ணீரைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு மட்டுமே. நல்லெண்ணெய்கூட அதைவிடப் பல மடங்கு கெட்டி.

அதே பால் தொலைக்காட்சி விளம்பரத்தில் வரும்போது வேறு பொருளாகிவிடுகிறது. அகலமான வெள்ளைப் பட்டு ஒன்று மடிப்பு மடிப்பாக இறங்குகிறது. தம்ளருக்குள் சுழன்று, விளிம்புவரை அலைபோல எழுந்து, அவசரமில்லாமல் அடங்குகிறது. பார்க்கிறவர் நாக்கில் ஏடு படர்கிறது. ‘எவ்வளவு கெட்டியான பால்’ என்று மனம் சொல்லிவிடுகிறது. விளம்பரத்தில் யாரும் அப்படி வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

விளம்பரப் படப்பிடிப்புகளில் கேமராப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பால், நெய், தேன், எண்ணெய் என்று ஊற்றி எடுத்த நாட்கள் நிறைய. அந்தக் கெட்டித்தன்மை எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன். அதில் பெரும்பங்கு பாலிலிருந்து வருவதில்லை. காலத்திலிருந்து வருகிறது.

ஒரு திரவம் கெட்டியா, நீர்த்ததா என்பதை நாம் தொட்டுப் பார்த்து முடிவு செய்வது குறைவு. அது ஓடும் வேகத்தைப் பார்த்தே முடிவு செய்கிறோம். மெதுவாக இறங்கினால் தோசை மாவு சரியான பதம்; ஓடினால் நீர்த்துவிட்டது. பாகு கம்பியாக இறங்கினால் பதம் வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அடுப்படியில் பார்த்துப் பார்த்துக் கண் கற்றுக்கொண்ட கணக்கு இது. ஆகவே எந்தத் திரவத்தையும் மெதுவாக ஓடவிட்டால் கண் அதைக் கெட்டி என்றே படித்துக்கொள்ளும். விளம்பரப் பால் முழுவதும் இந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கிறது.

மெதுவாக ஓடவிடுவது எப்படி? இருபது சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பாலை ஊற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு துளி அந்த உயரத்தைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறத்தாழ 0.2 நொடி, கால் நொடிகூட இல்லை. தொலைக்காட்சியில் நொடிக்கு 25 படங்கள் ஓடுகின்றன. சாதாரணமாக எடுத்தால் அந்தத் துளி ஐந்தே படங்களில் விழுந்து முடிந்துவிடும். ஹை-ஸ்பீட் கேமராவில் நொடிக்கு 1000 படங்கள் எடுத்து, அவற்றை நொடிக்கு 25 என்ற கணக்கில் ஓட்டினால் காலம் நாற்பது மடங்கு நீளும். கால் நொடிக்குள் விழுந்த பால் திரையில் எட்டு நொடி விழும். இருபது நொடி விளம்பரத்தில் ஊற்றும் காட்சிக்குக் கிடைப்பது மூன்று நொடி என்றால், அதில் நாம் பார்க்கும் முழு நிகழ்வும் உண்மையில் நடந்த நேரம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பல கைப்பேசிகளில் நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் ஸ்லோ மோஷன் வசதி இருக்கிறது. வெறும் தண்ணீரில் கொஞ்சம் பால் கலந்து, வெளுப்பு மட்டும் வரும்படி செய்து, ஜன்னலுக்கு எதிரே வைத்து ஊற்றி எடுங்கள். குடித்தால் ஒரு வாய்க்குத் தாங்காத அந்த நீர்ப்பால் படத்தில் ஏடு கட்டிய பாலாகத் தெரியும்.

இந்தப் பாதையைத் திறந்துவைத்தவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த ஹெரால்ட் எட்கர்டன். 1930களிலிருந்தே மிகக் குறுகிய நேரம் மட்டும் வெடிக்கும் மின்னொளியைக் கொண்டு துளிகளைப் படமெடுத்தவர். ஒரு பால்துளி விழுந்த இடத்தில் சுற்றிலும் முத்துகள் பதித்த கிரீடம்போல எழும்பும் அவருடைய 1957ஆம் ஆண்டு வண்ணப்படம் உலகப் புகழ் பெற்றது. அவர் பாலைத் தேர்ந்தெடுத்ததற்கு நல்ல காரணம் உண்டு. தண்ணீர் ஒளியை ஊடுருவ விட்டுவிடும். அதன் வடிவம் பின்னணியோடு கலந்துபோகும். பாலில் மிதக்கும் கொழுப்பு உருண்டைகளும் கேசின் புரதத் துகள்களும் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால், அதன் மேடு பள்ளம் ஒவ்வொன்றும் சுண்ணாம்பில் வடித்த சிலைபோலத் தெளிவாகத் தெரியும். கேமராவுக்கு முன்னால் நிற்பதற்கென்றே செய்த திரவம் பால்.

ஆனால் ஆயிரம் படங்களுக்கு ஒரு விலை உண்டு. அது வெளிச்சம். நொடிக்கு 25 படம் எடுக்கும்போது ஒவ்வொரு படத்துக்கும் கேமராவின் கண் வழக்கமாக ஐம்பதில் ஒரு நொடி திறந்திருக்கும். 1000 படம் என்றால் இரண்டாயிரத்தில் ஒரு நொடி. உள்ளே போகும் வெளிச்சம் நாற்பதில் ஒரு பங்கு. அதை ஈடுகட்ட நாற்பது மடங்கு வெளிச்சத்தைக் கொட்ட வேண்டும். அதுவும் எந்த விளக்கும் உதவாது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று ஓடுவதால் சாதாரணக் குழல் விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. கண்ணுக்கு அது தெரியாது. ஆயிரம் படத்தில் பத்துப் படத்துக்கு ஒருமுறை பால் வெளுத்து மங்கி வெளுத்து மங்கும். இதயம் துடிப்பதுபோல இருக்கும். அதனால் ஏற்ற இறக்கம் தெரியாத பெரிய டங்ஸ்டன் விளக்குகளோ, அதற்கென்றே செய்த எல்.இ.டி. விளக்குகளோ வேண்டும். டங்ஸ்டன் என்றால் மேசையே அடுப்பாகிவிடும்.

சென்னை வளசரவாக்கத்தில் ஒரு சிறிய தளத்தில் எடுத்த ஒரு நாளை நினைத்துப் பார்க்கிறேன். பாலும் நெய்யும் விற்கும் ஒரு நிறுவனத்துக்கான விளம்பரம் அது. காலையில் பால், மாலையில் நெய் என்று திட்டம். நாற்பது லிட்டர் பால் வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். முதல் டேக்கில் பாக்கெட்டில் வந்த சமன்படுத்திய பாலை அப்படியே ஊற்றினோம். திரையில் பார்த்ததும் இயக்குநர் முகம் சுருங்கியது. பால் பட்டையாக இறங்கும் இடத்தில் வெள்ளையாக இருந்தது. பட்டையின் ஓரம் மெலியும் இடத்திலும், தம்ளர் சுவரில் மெல்லிய படலமாக வழியும் இடத்திலும் இலேசாக நீலம் பாய்ந்திருந்தது. சமன்படுத்திய பாலில் கொழுப்பு மூன்று சதவீதம்தான். பெரிய கொழுப்பு உருண்டைகள் குறையக் குறைய, எஞ்சியிருக்கும் நுண்ணிய புரதத் துகள்கள் நீல ஒளியை அதிகம் சிதறடிக்கும். வானம் நீலமாகத் தெரிவதற்கும் இதுவே வழி. கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது பொருட்படுத்தாத நீலத்தைப் பின்னாலிருந்து அடிக்கும் விளக்கு காட்டிக்கொடுத்துவிட்டது.

உணவுப் பொருள்களை அலங்கரிக்க வந்திருந்த பெண்மணி அனுபவசாலி. லிட்டருக்கு ஒரு டம்ளர் என்ற கணக்கில் பாலில் ஃப்ரெஷ் கிரீமைக் கலக்கி, மெல்லிய துணியில் வடிகட்டி, மீண்டும் ஐஸில் வைத்தார். நீலம் போய்த் தந்த நிறம் வந்தது. குளிர்ந்திருந்தால் பால் கூடுதலாகக் கொஞ்சம் கெட்டிப்படும் என்பது இன்னொரு லாபம். சில இடங்களில் பாலுக்குப் பதில் தண்ணீரில் கெட்டிப்படுத்தும் மாவும் வெள்ளை நிறமியும் கலந்து ஊற்றுவார்கள். காலை உணவு தானிய விளம்பரங்களில், தானியம் ஊறிப் போகாமல் மிதக்க வெள்ளைப் பசையை ஊற்றுவது வெளிநாடுகளில் பழைய வழக்கம். அன்று எங்களிடம் அந்தப் பேச்சே எழவில்லை. விற்கும் பொருளே பால் என்னும்போது பாலைத்தான் ஊற்ற வேண்டும் என்பதில் அந்த அம்மாள் உறுதியாக இருந்தார்.

அடுத்த தொல்லை குமிழ். பாலின் புரதம் காற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால்தான் காபி ஆற்றினால் நுரை நிற்கிறது. ஊற்றிய இரண்டாவது கணத்திலேயே தம்ளர் விளிம்பில் சோப்பு நுரைபோல ஒரு வளையம் கட்டிவிடும். சோப்பு என்ற எண்ணம் வந்துவிட்டால் பசி போய்விடும். பாலை ஜாடியில் நிரப்பும்போதே அடியில் குழாய் வைத்து மெதுவாக ஏற்றினோம். மேலே மிதந்த குமிழ்களை ஸ்பூன் முனையால் ஒவ்வொன்றாக உடைத்தோம். ஊற்றும்போது பால் தம்ளரின் உட்சுவரில் பட்டு வழுக்கி இறங்கும்படி கோணத்தை மாற்றினோம். காற்று உள்ளே போவது குறைந்தது.

ஊற்றும் உயரமும் அப்படித்தான். மேலேயிருந்து ஊற்றினால் அழகாக இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். விழ விழ வேகம் கூடும். வேகம் கூடினால் அதே அளவு பால் நீண்டு மெலியும். மெலிந்தால் துளித்துளியாக அறுந்துபோகும். டீ மாஸ்டர் ஒரு மீட்டர் உயரத்துக்கு இழுத்து ஆற்றும்போது தாரை நூலாக மெலிந்து குவளைக்குள் சேர்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சூடு ஆறுவது தேவை, மெலிவது நல்லது. இங்கே தேவை அகலமான பட்டை. ஆகவே ஜாடியின் வாயைத் தம்ளருக்கு ஒரு சாண் உயரத்துக்குள்ளேயே வைத்தோம். பித்தளைச் செம்பில் ஊற்றினால் கிராமத்துச் சாயல் வரும் என்று முதலில் ஆசைப்பட்டார்கள். செம்பின் உருண்ட விளிம்பில் பால் வெளிப்புறமாக ஒட்டிக்கொண்டு வயிற்றில் வழிந்தது. கூர்மையான மூக்கு உள்ள பாத்திரத்தில்தான் திரவம் சுத்தமாகப் பிரிந்து விழும். கடைசியில் கண்ணாடி ஜாடி போதுமென்று முடிவானது. செம்பு பின்னணியில் மங்கலாக நின்றது.

இருபத்தேழாவது டேக்கில் கிடைத்தது. ஒவ்வொரு டேக்குக்கும் தம்ளரைக் கழுவித் துடைத்து, துணியின் நூல் ஒன்றுகூட ஒட்டாமல் பார்த்து, மறுபடியும் அதே இடத்தில் வைக்க வேண்டும். கொட்டிய பாலை அடித்தட்டில் பிடித்து வடிகட்டித் திரும்பவும் பயன்படுத்தினோம். மதியத்துக்குள் விளக்குச் சூட்டில் அது முகர முடியாதபடி ஆகிவிட்டது. நாற்பது லிட்டரில் எதையும் யாரும் குடிக்கவில்லை. எனக்கு இன்றும் அது உறுத்துகிறது.

மாலை நெய். பாலுக்கு நேரெதிர் குணம். பாலிடம் இல்லாத கெட்டித்தன்மையைக் காலத்தை நீட்டிக் கொடுத்தோம். நெய்யிடம் அது இயல்பாகவே இருக்கிறது. ஆனால் வெப்பத்தைப் பொறுத்து மணிக்கு ஒரு முகம் காட்டும். நன்றாகக் காய்ந்த நெய் எண்ணெய்போலச் சரசரவென்று ஓடிவிடும். கொஞ்சம் ஆறவிட்டால் பொன்னிறப் பட்டையாக இறங்கும். இன்னும் ஆறினால் கலங்கும், மணல் எழும், பிறகு ஊற்ற முடியாது, தோண்டித்தான் எடுக்க வேண்டும். எங்களுக்கு வேண்டிய பதம் கைச்சூட்டுக்குக் கிட்டத்தட்டச் சமமான வெப்பத்தில் சில நிமிடங்கள்தான் நிற்கும். வெந்நீர் பாத்திரத்துக்குள் நெய்ப் பாத்திரத்தை வைத்து, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே நின்றோம். கேமராவை நொடிக்கு 200 படம்தான் வைத்தோம், எட்டு மடங்கு மெதுவாக. ஆயிரத்தில் எடுத்திருந்தால் நெய் ஓடாமல் தொங்கிக்கொண்டே நின்றிருக்கும்.

‘நெய்யை உருக்கி, மோரைப் பெருக்கி’ என்று வீடுகளில் சொல்வது உடம்புக்கான அறிவுரை. படப்பிடிப்பிலும் உருக்காமல் வழி இல்லை. ஆனால் வாங்குகிறவர் மனத்தில் நல்ல நெய் என்றால் மணல் மணலாக இருக்க வேண்டும். ஒரே விளம்பரத்தில் உருகிய நெய்யும் வேண்டும், மணல் நெய்யும் வேண்டும். மணல் என்பது நெய்யிலுள்ள கொழுப்புகளில் எளிதில் உருகாத வகைகள் முதலில் உறைந்து பெருகும் படிகம். படிகம் பெரிதாக வளர நேரமும் அமைதியும் வேண்டும். நெய்யை முழுக்கத் தெளிய உருக்கி, அறையின் மூலையில் ஆடாமல் அசையாமல் வைத்து, இளஞ்சூட்டிலேயே மெல்ல ஆறவிட்டால் மறுநாள் திரட்சியான மணல் வரும். அவசரப்பட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஆயிரக்கணக்கான சின்னப் படிகங்கள் ஒரே நேரத்தில் எழுந்து, மெழுகுபோல வழவழவென்று உறைந்துவிடும். எங்கள் உதவியாளர் ஒருவர் நல்லெண்ணத்தோடு அப்படித்தான் செய்துவைத்திருந்தார். மணல் காட்சியை மறுநாளுக்குத் தள்ளினோம்.

நிறமும் பேசவேண்டிய விஷயம். பசு நெய் மஞ்சள். தீவனத்தில் இருந்து வரும் கரோட்டின் அதன் கொழுப்பில் தங்குகிறது. எருமை அந்தக் கரோட்டினை வைட்டமின் ஏ-ஆக மாற்றிவிடுவதால் எருமை நெய் வெளுப்பு. விளம்பரத்தில் தங்கம்போல ஒளிரும் நெய்யில் பசுவின் பங்கு பாதி. நெய்க்குப் பின்னால் மறைத்துவைத்த சிறிய கண்ணாடித் துண்டு திருப்பியடிக்கும் வெளிச்சத்தின் பங்கு மீதி. எருமை நெய்யையும் அந்த வெளிச்சத்தில் பொன்னாக்கிவிடலாம்.

ஆகவே, நெய் மணல் மணலாக இருக்கிறது, பொன்னிறமாக இருக்கிறது என்பதைத் திரையில் பார்த்து அதன் தரத்தை முடிவு செய்ய இயலாது. கையில் வாங்கிப் பார்த்தும்கூட மணலை மட்டும் நம்ப முடியாது. நெய்யைப்போலவே மணல் எழும்படிதான் வனஸ்பதியைத் தயாரித்தார்கள். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே இந்தியாவில் வனஸ்பதியில் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வைத்தார்கள். நெய்யில் வனஸ்பதியைக் கலந்திருந்தால், ஆய்வகத்தில் அந்த நல்லெண்ணெய் செந்நிறம் காட்டி அகப்பட்டுக்கொள்ளும். போடுவான் சோதனை என்று அதற்குப் பெயர்.

இவ்வளவும் ஏமாற்றா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல விடை 1965இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. கோல்கேட் பாமாலிவ் நிறுவனம் தன் முகச்சவரக் கிரீம் அவ்வளவு மென்மையாக்கும் சக்தி கொண்டது என்று காட்ட, அதை மணல்தாளின் மேல் தடவி உடனே வழித்தெடுப்பதுபோல விளம்பரம் எடுத்தது. படத்தில் இருந்தது மணல்தாள் இல்லை. பிளாஸ்டிக் கண்ணாடிமேல் தூவிய மணல். உண்மையான மணல்தாளை வழிக்க ஏறத்தாழ 80 நிமிடம் ஊறவைக்க வேண்டியிருந்தது. தடை விதித்தது சரியே என்றது நீதிமன்றம். அப்போது ஐஸ்கிரீம் பற்றியும் பேச்சு வந்தது. விளக்குச் சூட்டில் ஐஸ்கிரீம் உருகிவிடும் என்பதால் மசித்த உருளைக்கிழங்கை வைத்து எடுக்கிறார்களே, அதுவும் குற்றமா? நீதிமன்றம் இரண்டையும் பிரித்துப் பார்த்தது. பொருளின் ஒரு குணத்துக்கு ‘நீங்களே கண்ணால் பாருங்கள்’ என்று சான்றாக வைக்கும் காட்சியில் போலிப் பொருள் கூடாது. சான்றாக இல்லாமல் தோற்றத்துக்காக மட்டும் வைத்தால் அது வேறு.

இந்தக் கோடு பால் விளம்பரத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. பால் பட்டாக இறங்குகிறது, அதன்மேல் ஒரு பாட்டு ஓடுகிறது என்றால் அது தோற்றம். அதே காட்சியில் ‘பாருங்கள், எவ்வளவு கெட்டி’ என்று ஒரு குரல் சேர்ந்துவிட்டால் அது சான்று. கிரீம் கலந்து, நாற்பது மடங்கு மெதுவாக ஓட்டிய பாலை வைத்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொல்வது பொய். இந்தியாவில் விளம்பரத் துறையே 1985இல் அமைத்துக்கொண்ட விளம்பரத் தரக் கவுன்சில், படத்தாலும் மக்களைத் தவறாக வழிநடத்தக் கூடாது என்கிறது. உணவு விளம்பரங்களுக்கு 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் தனியாக உண்டு. ‘இயற்கையான’, ‘தூய’ போன்ற சொற்களை எப்போது பயன்படுத்தலாம் என்று அவை நிபந்தனை போடுகின்றன. சொல்லுக்கு நிபந்தனை போடுவது எளிது. மெதுவாக விழும் ஒரு தாரைக்கு யார் நிபந்தனை போட முடியும்? அன்று அந்தக் குரல்வரி எங்கள் எழுத்துப்படியில் இருந்தது. அலங்கார அம்மாள்தான் அதை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டார்கள்.

பாலின் கெட்டியை அறிய வேண்டுமானால் பாக்கெட்டில் பொடி எழுத்தில் இருக்கும் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று கொழுப்பு, மற்றது கொழுப்பு நீங்கிய திடப்பொருள். சமன்படுத்திய பாலில் குறைந்தது 3 மற்றும் 8.5 சதவீதம், நிலைப்படுத்திய பாலில் 4.5 மற்றும் 8.5, நிறைகொழுப்புப் பாலில் 6 மற்றும் 9. ஆவின் பாக்கெட்டுகளை நீலம், பச்சை, ஆரஞ்சு என்று நாம் நிறத்தால் சொல்வது இந்த எண்களைத்தான். நெய் என்றால் பால்கொழுப்பு குறைந்தது 99.5 சதவீதம் இருக்க வேண்டும். இவற்றில் எதையும் எந்த கேமராவும் காட்டாது.

ஊற்றும் காட்சி முடிந்தாலும் விளம்பரம் முடிவதில்லை. அந்தப் பால் எங்கிருந்து வருகிறது என்று காட்டும் விடியற்காலைத் தொழுவம் பாக்கி. பனி படர்ந்த புல், சாய்வான இளவெயில், சுத்தமான மாடு, சிரித்த முகத்தோடு கறக்கும் பெண். இதை எடுக்கக் கோபிச்செட்டிப்பாளையம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம்.

அங்கே முதலில் தெரிந்துகொண்டது, நாம் நினைக்கும் காலையில் பால் கறப்பதில்லை என்பதுதான். விடியும் முன் நாலரை ஐந்து மணிக்கே கறவை முடிந்துவிடும். அப்போது தொழுவத்தில் எரிவது ஒற்றை எல்.இ.டி. பல்பு. சூரியன் எழும்போது பால் சொசைட்டியில் அளந்து, சோதனை பார்த்து, குளிர்விக்கும் தொட்டிக்குப் போய்க்கொண்டிருக்கும். விளம்பரத்தின் பொன் வெயிலில் கறக்கும் மாட்டின் மடி உண்மையில் ஒரு மணி நேரத்துக்கு முன்பே காலியாகிவிட்டது. ஆகவே அன்று மட்டும் கறவையைத் தள்ளிவைக்கும்படி வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டுக்கொண்டோம். சொசைட்டிக்குப் போகாமல் நின்றுபோகும் பாலுக்கு உரிய தொகையை முன்பே கொடுத்துவிட்டார்கள்.

வெயிலுக்கும் அவசரம். நம் ஊரில் சூரியன் சாய்வாக ஊர்ந்து ஏறுவதில்லை; ஏறத்தாழச் செங்குத்தாக, மணிக்குப் பதினைந்து பாகை வேகத்தில் கிளம்பிவிடுகிறது. ஐரோப்பியப் படங்களில் நீண்டுகொண்டே போகும் அந்த இளவெயில் இங்கே நாற்பது நிமிடம் நிற்பதே அதிகம். அதற்குள் பனிக்கு மாற்றாகப் புகை இயந்திரத்தை ஓட விட்டோம். தூரத்தில் அது உறுமியதும் மாடு காதை விடைத்துக்கொண்டது. பதினெட்டுப் பேர், இரண்டு வெள்ளைத் தெர்மாகோல் பலகைகள், தலைக்குமேல் நீளும் மைக். ஜெர்சி கலப்பு மாடு அது. ஈன்று மூன்று மாதம். அம்மா மடியைக் கழுவித் துடைத்து உட்கார்ந்தார். நான்கு பீச்சு வந்தது. அப்புறம் காம்பு வெறும் கையாகிவிட்டது.

“என்னங்கம்மா, பால் இல்லையா?” என்று கேட்டேன்.

“பாலு இருக்குதுங். இத்தனை பேரு சுத்தி நின்னா அது எப்படிங் சொரப்பு விடும்? அடக்கீருச்சு. இனி அடிச்சாலும் விடாதுங்.”

அவர் சொன்னது உடலியல் பாடம். மடியில் ஊறியிருக்கும் பால் காம்புக்கு இறங்க ஆக்சிடோசின் என்ற சுரப்பு ரத்தத்தில் கலந்து மடியைப் பிழிய வேண்டும். கன்று முட்டினாலோ, பழகிய கை மடியைக் கழுவினாலோ, வழக்கமான நேரத்தில் தீவனத் தொட்டியின் சத்தம் கேட்டாலோ அது கிளம்பும். ஐந்தாறு நிமிடம்தான் நிற்கும். மாடு மிரண்டால் அட்ரினலின் வந்து அந்த வழியை அடைத்துவிடும். ஆகவே எங்களுடைய அழகான காலைக்காக நாங்கள் கொண்டுபோன ஒவ்வொரு பொருளும் அந்தக் காலையைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

இயக்குநர் நிலைமையைப் புரிந்துகொண்டு பாத்திரத்துக்குள் ஏற்கெனவே வாங்கிவைத்திருந்த பாலை ஊற்றி, அம்மாவின் கை அசைவையும் முகத்தையும் மட்டும் எடுத்தார். வெயில் ஏறிவிட்டது. எல்லாவற்றையும் மூட்டைகட்டி வண்டியில் ஏற்றினோம். மடி கனத்து மாடு கால் மாற்றி மாற்றி நின்றது. அம்மா எங்களைப் போகச் சொல்லவில்லை. ஆனால் அவர் பார்வை மாட்டைவிட்டு நகரவில்லை.

ஒலிப்பதிவுக்கார இளைஞர் மட்டும் தயங்கி நின்றார். கறக்கும் சத்தம் தனக்கு வேண்டும் என்றார். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, “நீ மட்டும் இரு கண்ணு. அந்தப் படல்கிட்ட உக்காந்துக்க. பேசாத” என்றார். வண்டிகள் புளியமரம் தாண்டிப் போகும்வரை காத்திருந்தார். கன்றை அவிழ்த்துவிட்டார். அது நாலு முட்டு முட்டியதும் பிடித்துக் கட்டினார். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு ஊறவைத்த தாழியை முன்னால் நகர்த்தினார்.

அந்தப் பதிவை நான் பிறகு எடிட்டிங் அறையில் கேட்டேன். முதலில் தாழிக்குள் மாடு மூச்சு விடும் சத்தம். பிறகு எவர்சில்வர் பாத்திரத்தின் வெறும் அடியில் முதல் பீச்சு. மணி அடித்ததுபோலக் கணீரென்றது. இரண்டாவது, மூன்றாவது. பால் அடியை மூடியதும் கணகணப்பு குறைந்தது. நுரை எழும்ப எழும்ப அது ‘சர், சர்’ என்று மெத்தென்று மாறியது. இரண்டு கையும் மாறி மாறிப் போகும் தாளம் ஒருமுறைகூடத் தவறவில்லை. ஒன்பது நிமிடப் பதிவில் யாரும் ஒரு சொல் பேசவில்லை. விளம்பரத்தில் அதிலிருந்து ஆறு நொடியை எடுத்து, வளசரவாக்கத்தில் கிரீம் கலந்து ஊற்றிய இருபத்தேழாவது டேக்குக்கு முன்னால் வைத்தார்கள்.